ஓர் அடுப்பு, இரண்டு பேர், ஐந்து மதிய உணவு: ஞாயிற்றுக்கிழமைச் சமையலின் முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் இருவர், ஒற்றை காஸ் அடுப்பையும் ஒரு சிறிய குளிர்சாதனப்பெட்டியையும் வைத்துக்கொண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மதியச் சாப்பாட்டை எப்படிக் கட்டுவது என்பதே இங்கு விளக்கப்படுகிறது. இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஓரிரு இடங்களில் மட்டுமே சொல்கிறேன்; வெயிலில் ஆறு மணி நேரம் பெட்டிக்குள் இருந்துவிட்டு உண்ணப்படும் மதியச் சாப்பாடுதான் கெட்டுப்போகிறது, கடைச் சாப்பாட்டுக்குக் காசை இழுப்பதும் அதுதான்.

இந்த முறையை நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அயலில் குடிவந்த பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: எந்தச் சட்டியை முதலில் ஏற்றுவது என்பது ஒன்று, இறக்கிய சட்டியை என்ன செய்வது என்பது மற்றது. இரண்டாவதுதான் பெரிய தடுமாற்றம்.

1. எதைச் சமைப்பது, எதைச் சமைக்காமல் விடுவது

ஞாயிற்றுக்கிழமை மூன்று கறிகளை மட்டுமே சமைக்கிறோம். கொறுக்காய் போட்டு வற்றவைத்த சூரை மீன் திங்கள், செவ்வாய், புதனுக்கு. கடலைக்கறி வியாழன், வெள்ளிக்கு. தேங்காய்ப்பால் விடாத கட்டிப் பருப்பு ஐந்து நாளுக்கும். மரக்கறியை வெட்டி மட்டும் வைத்துக்கொண்டு அன்றன்று காலையில் வறையாக்குகிறோம்.

சோற்றை ஞாயிற்றுக்கிழமை சமைப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு பெரிய பானைச் சோற்றை வடித்து ஐந்தாகப் பிரிக்கவே முதலில் நினைக்கிறார்கள். அரிசியோடு வரும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்து, திரும்பச் சூடாக்கினாலும் அழியாத நஞ்சை உண்டாக்கக்கூடும். அத்தோடு குளிரில் இருந்த சோறு மாப்பொருள் இறுகி நொறுங்கிப்போகும். சோற்றுக்குக் காலையில் இருபது நிமிடம் ஒதுக்குவதே நல்லது.

தேங்காய்ப்பாலையும் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கறியிலும் விடுவதில்லை. நமக்குப் பாலில்லாத பருப்பு பருப்பாகவே தோன்றாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பால் விட்ட கறி இங்குள்ள வெப்பத்தில் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு புளிக்கும். பால் விட்ட பருப்பு வேண்டுமானால் இரவில், அன்றைய பங்கைக் கொதிக்கவைக்கும்போது விட்டு, அப்போதே உண்டு முடித்துவிட வேண்டும். இதனால் வாரத்துக்கு ஒரு தேங்காயோடு சமாளிக்க முடிகிறது என்பது கையிருப்புக்கும் நல்லது.

2. முன்கூட்டியே வேண்டியவை

பொருட்கள்: துண்டுபோட்ட சூரை 1 கிலோ, கடலை 300 கிராம், மைசூர்ப் பருப்பு 400 கிராம், வெங்காயம் 750 கிராம், உள்ளி ஒன்றரைப் பூண்டு, தக்காளி 250 கிராம், கோவா அரைக் கிலோ, கரட் கால் கிலோ, போஞ்சி கால் கிலோ, அரிசி ஒன்றரைக் கிலோ, கொறுக்காய் ஆறு சுளை. மிளகு, தூள், மஞ்சள், கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, இறம்பை ஆகியவை வீட்டில் இருப்பவையே.

பணத்தைப் பொறுத்தவரை, இந்தப் பட்டியலில் விலை ஏறி இறங்குவது பெரும்பாலும் மீன்தான். ஆகவே மீனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள். அந்தத் தொகைக்கு ஒரு கிலோ வராவிட்டால் முக்கால் கிலோ வாங்கி, ஒருவருக்கு இரண்டு துண்டுக்குப் பதில் ஒன்றரைத் துண்டு வையுங்கள். குறைந்ததைக் கடலையில் 100 கிராம் கூட்டி நிரப்பலாம். சந்தைக்குப் போய் நின்று யோசிப்பவர்களின் பைதான் கனக்கிறது, பணப்பை காலியாகிறது.

பாத்திரங்கள்: மீனுக்கென்று ஒரு மண்சட்டி, ஒரு குக்கர், ஒரு பானை, ஒரு தாச்சி, மூடியுள்ள தட்டையான பெட்டிகள் பத்து, ஓர் அகன்ற பேசின். மண்சட்டி தனியாக இருந்தால் மீன் வாடை அடுத்த கறிக்குத் தொற்றாது. இடையில் சட்டி கழுவ அடுப்பை அணைத்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

சனிக்கிழமை இரவு இரண்டு வேலைகளை மறக்கக்கூடாது. கடலையைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். பத்து மணி நேரம் ஊறிய கடலைக்கும் ஊறாத கடலைக்கும் காஸ் செலவில் உள்ள வித்தியாசம் பெரியது. அடுத்து, மூன்று பிளாஸ்டிக் போத்தல்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி உறைபெட்டியில் வையுங்கள். ஒன்று மீன் பைக்கு, இரண்டு கறி ஆறவைக்க.

3. சந்தை: காலை ஆறரைக்குப் போய் உடனே திரும்புவது

மரக்கறி, வெங்காயம் எல்லாவற்றையும் முதலில் வாங்கிவிட்டு, மீனைக் கடைசியாக வாங்குங்கள். துண்டுபோட்டதும் உறைந்த போத்தலோடு சேர்த்துப் பையில் வைத்து, வேறெங்கும் நில்லாமல் வீட்டுக்கு வாருங்கள்.

சூரையில் இந்த அவசரத்துக்குத் தனிக் காரணம் உண்டு. அதன் சதை சூட்டில் கிடந்தால் அதில் பெருகும் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சமைத்தாலும் அது போகாது, உறையவைத்தாலும் போகாது, கொறுக்காய்ப் புளியாலும் போகாது. அந்த மீனை உண்டவருக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். சூடை, கீரி போன்ற சிறுமீன்களிலும் இது நேரலாம். வாங்கும்போது செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்க வேண்டும், விரலால் அழுத்திய சதை திரும்ப எழ வேண்டும். சமைத்த பிறகு வாயில் மிளகுக்கு மேற்பட்ட ஒரு கூச்சமும் எரிவும் தெரிந்தால், எவ்வளவு காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதைக் கொட்டிவிடுங்கள்.

4. முதல் சட்டி: மீன்

அதிக நேரம் வேகும் கடலையைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். இரண்டு அடுப்பு இருந்தால் அது சரிதான். ஓர் அடுப்பில் அப்படிச் செய்தால், கடலை வேகும் நேரம் முழுவதும் மீன் பையிலேயே கிடக்கும். எது முந்திக் கெடுமோ அதுவே முந்தி அடுப்பில் ஏற வேண்டும். கடலைக்குக் காத்திருப்பதில் நட்டமில்லை.

கொறுக்காயை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தேக்கரண்டி மிளகு, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், சிறிது மஞ்சளோடு விழுதாக அரைத்து, துண்டுகளின் எல்லாப் பக்கமும் பூசுங்கள். மண்சட்டியில் கறிவேப்பிலை, இறம்பை போட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தணலைக் குறைத்துவிடுங்கள். அகப்பையால் கிளறாமல் சட்டியின் காதைப் பிடித்து அசைத்துவிட்டால் போதும். முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் தண்ணீர் முழுவதும் வற்றி, அடியில் கரிய விழுது துண்டுகளில் ஒட்டியிருக்கும்.

இந்த வற்றலில்தான் மீன் நாலு நாள் தாங்குவதன் இரகசியம் இருக்கிறது. புளிப்பும் உப்பும் கூடி, ஈரம் குறைந்தால் கிருமி வளர வழி குறைகிறது. குழம்பு கொஞ்சம் இருக்கட்டும் என்று ஈரமாக இறக்கிய மீன், குளிரில் வைத்தாலும் மூன்றாம் நாளில் வாடை மாறியதை நான் கண்டிருக்கிறேன். இதே காரணத்துக்காக இதில் வெங்காயமும் தக்காளியும் போடுவதில்லை.

மீன் வற்றும் நேரத்தில் வெங்காயம், உள்ளி உரித்து நறுக்கி முடித்துவிடலாம்.

5. இறக்கிய சட்டியும் வேலை செய்யும்

ஓர் அடுப்புச் சமையலின் நுட்பம், அடுப்பை விட்டு இறங்கிய பின்னும் வேகக்கூடியவற்றை அப்படி வேகவிட்டு, அந்த நேரத்தில் அடுப்பை அடுத்த சட்டிக்குக் கொடுப்பதுதான்.

மீன் இறங்கியதும் ஊறிய கடலையை உப்போடு, மூழ்குவதற்கு ஒரு விரல் மேலாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏற்றுங்கள். முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து இருபது நிமிடம் வைத்து இறக்குங்கள். ஆவி தானாக அடங்க இன்னும் பதினைந்து நிமிடம் செல்லும். அந்த நேரத்திலும் கடலை உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்ற அவசரப்படுபவர்களின் கடலை தோல் வெடித்தும் நடு கடினமாகவும் வருகிறது.

குக்கர் இறங்கியதும் பருப்பு. 400 கிராம் பருப்பை மூன்று முறை கழுவி, மூன்று மடங்கு தண்ணீரும் மஞ்சளும் பச்சைமிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நுரையை வழித்து எடுங்கள். பத்து நிமிடக் கொதியில் பருப்பு பாதி உடைந்து மஞ்சளாகத் தொடங்கும்போதே மூடி, இறக்கி, தடித்த துணியால் சுற்றி வைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் அது தன் சூட்டிலேயே மசிந்துவிடும். உப்பு அதன் பிறகு. அடுப்பிலேயே முழுவதும் மசியவிட்டால் அடிப்பிடிப்பதோடு, திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது பசையாகவும் போய்விடும்.

6. ஒரே வதக்கலில் இரண்டு கறி

பருப்புக்கு ஒரு தாளிதம், கடலைக்கு ஒரு வதக்கல் என்று தனித்தனியே செய்தால் அடுப்பு அரை மணி நேரம் வீணாக எரியும். ஆகவே அரைக் கிலோ வெங்காயத்தையும் உள்ளியையும் ஒரே தாச்சியில் வதக்குகிறோம். எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி. கடுகு வெடித்ததும் பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, அதன்பின் வெங்காயம். நடுத்தணலில் இருபது நிமிடம் ஆகும். வெங்காயம் கண்ணாடிபோலத் தெளிந்து, பின் ஓரம் சிவந்து, எண்ணெய் விலகித் தாச்சியின் பக்கத்தில் தெரிய வேண்டும். அந்த நிலைக்கு முன் இறக்கினால் வெங்காயத்தின் நீர் உள்ளே நின்று கறியை விரைவில் புளிக்கச் செய்யும்.

இதில் மூன்றில் ஒரு பங்கைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் எடுத்து வையுங்கள். ஐந்து நாளைய பருப்புக்கும் இதுவே தாளிதம். எண்ணெயில் கிடக்கும் உள்ளி வெளியில் வைக்கத் தகாதது. ஆறியதும் குளிர்சாதனப்பெட்டிக்குள் போய்விட வேண்டும், எடுக்கும் கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும்.

மீதமுள்ளதில் தக்காளி, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள் போட்டு, தக்காளி கரைந்ததும் கடலையை அதன் அவித்த நீரோடு கொட்டி, பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கட்டியாக இறக்குங்கள். ஒரு பிடி கடலையை அகப்பையால் மசித்துவிட்டால் பால் இல்லாமலே குழம்பு திரளும்.

எட்டேகாலுக்கு மீன் ஏறியிருந்தால், பத்தரை மணியளவில் அடுப்பை அணைத்துவிடலாம்.

7. ஆறவைத்தல்: இங்கேதான் பலருக்கும் தவறுகிறது

அயலில் வாடகைக்கு வந்த ஒரு தங்கை, முதல் வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சமைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, "அக்கா, பருப்பு புளிச்சுப் போச்சு, பிரிட்ஜுக்குள்ளதான் வச்சனான்" என்றார். போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இறக்கிய பானையை மூடியோடு மேசையில் வைத்து, மாலை ஆறு மணிக்கு, நடுவில் இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே, பானையோடு பெட்டிக்குள் தூக்கி வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தபோது பருப்பின் மேலே ஊசிமுனையளவு குமிழிகள் ஓரமாகக் கூடியிருந்தன. அகப்பையைத் தூக்கியபோது பருப்பு நூல்போல இழுபட்டது. குளிர்சாதனப்பெட்டியில் குறை இல்லை. அது கெட்டது அந்த மேசையில் கிடந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான்.

சமைத்த உணவு 60 பாகையிலிருந்து 5 பாகை வரை இறங்கும் இடைவெளியில்தான் கிருமிகள் பெருகுகின்றன. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மதியத்தில் நம் சமையலறை தானாக எதையும் ஆறவிடாது. ஆகவே ஆறுவதை நாமே நடத்த வேண்டும்.

கறி இறங்கியவுடன் பெட்டிகளில் பிரித்து ஊற்றுங்கள். மூன்று விரற்கிடை உயரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பேசினில் தண்ணீரும் உறைந்த போத்தல்களும் போட்டு, மூடாத பெட்டிகளை அதில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். அரை மணி நேரத்தில் பெட்டியின் அடி கைக்குக் குளிர்ந்து தெரியும். அப்போது மூடி, பெட்டிகளுக்கிடையே காற்று ஓட இடம்விட்டு உள்ளே வையுங்கள். சூடாகவே மூடினால் மூடியில் வியர்த்த நீர் திரும்பக் கறியில் சொட்டும். சூடான பானையை அப்படியே உள்ளே வைத்தாலோ, சிறிய பெட்டி முழுவதும் சூடேறி, பக்கத்திலுள்ள பாலும் மீனும் சேர்ந்து கெடும்.

மீனைச் சட்டியிலேயே வைக்காமல், அடுப்பில் கடலை இருக்கும்போதே மூன்று பெட்டிகளாகப் பிரித்து ஆறவைத்துவிடுங்கள். இறங்கியது ஒவ்வொன்றும் உடனே ஆறத் தொடங்க வேண்டும், எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

8. எது கீழே, எது உறைபெட்டியில்

சமைத்த கறி குளிர்சாதனப்பெட்டியில் மூன்று, நான்கு நாள்தான் நம்பத் தக்கது. எனவே திங்கள், செவ்வாய், புதனுக்கான மீனும் பருப்பும் கீழே. வியாழன், வெள்ளிக்கான கடலையும் பருப்பும் உறைபெட்டியில். மூடியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் கிழமையை எழுதி ஒட்டுங்கள். எழுதாவிட்டால் புதன்கிழமை அவசரத்தில் கைக்கு வந்ததுதான் போகும்.

கடலைக்கறியில் உருளைக்கிழங்கு சேர்க்க ஆசைப்படாதீர்கள். உறைந்து இளகிய கிழங்கு நீர்விட்டுப் பஞ்சாகிவிடும்.

புதன் இரவு வியாழனின் பெட்டியையும், வியாழன் இரவு வெள்ளியின் பெட்டியையும் உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மேசையில் வைத்து இளகவிட்டால் நடு உறைந்திருக்க ஓரம் கெடத் தொடங்கும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது.

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் வரை குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் கீழ்த்தட்டில் உள்ளவற்றை நம்ப வேண்டாம்.

கோவா, கரட், போஞ்சியை ஞாயிறு மாலை வெட்டி, ஈரம் போக உலர்த்தி, காய்ந்த துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வெட்டிய பின் கழுவினால் இரண்டாம் நாளே வழுக்கும். போஞ்சியை முதலிலும் கோவாவைக் கடைசியிலும் தீர்க்க வேண்டும்.

9. காலை முப்பத்தைந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை முறையின் சிறு வடிவமே காலையிலும். ஊறிய 300 கிராம் அரிசியை முதலில் ஏற்றி, நீர் வற்றும் பருவத்தில் மூடி இறக்கி, துணியால் சுற்றுங்கள். அது தன் ஆவியில் பூக்கும் பத்து நிமிடத்தில் தாச்சியில் ஒரு பிடி மரக்கறியை வறையாக்குங்கள். மதியப் பெட்டிக்கான வறையில் தேங்காய்ப்பூ வேண்டாம். பின்னர் பருப்பில் ஓர் அகப்பைத் தண்ணீரும் போத்தல் தாளிதத்தில் ஒரு தேக்கரண்டியும் விட்டு, நடுவிலும் குமிழி வரும்வரை மூன்று நிமிடம் கொதிக்கவையுங்கள். வியாழன், வெள்ளியில் கடலைக்கும் அப்படியே. சூடாக்குவது அன்றைய பங்கை மட்டும்தான்.

கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டி கொதிகொதிப்பாகப் போக வேண்டும், அல்லது நல்ல குளிராகப் போக வேண்டும். வெப்பம் காக்கும் குடுவை இருந்தால் அதில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் கறியை நிரப்புங்கள். குடுவை இல்லாவிட்டால் கறியைச் சூடாக்காமல் பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடே, உறைந்த சிறிய போத்தல் ஒன்றுடன் துணியில் சுற்றிக் கொண்டுபோய், வேலையிடத்தில் சூடாக்கி உண்ணுங்கள். வற்றவைத்த மீனைக் குளிராகவே சுடுசோற்றோடு உண்ணலாம். சோற்றைத் தனிப் பெட்டியில் கட்டுங்கள். இளஞ்சூட்டுக் கறியைச் சோற்றின் மேல் ஊற்றி மூடி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் மதியத்தில் பெட்டியைத் திறக்கும்போது புளிவாடை வருவதற்குக் காரணம்.

10. வாடைக்காலத்தில் செய்யும் மாற்றம்

கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, நம் பக்கத்துப் படகுகள் பல நாள் கரையிலேயே நிற்கும். அப்போது சூரை கிடைத்தாலும் கிடைத்த விலை நம் தொகைக்குள் அடங்காது. அந்த வாரங்களில் கடலையை அரைக் கிலோவாக்கி ஐந்து நாளுக்கும் பிரித்து, முதல் மூன்று நாளையது கீழே, மற்றது உறைபெட்டியில் என்று வையுங்கள். மீன் வேண்டுமென்ற நாக்குக்கு 150 கிராம் கருவாட்டைக் கழுவி, உலர்த்தி, சிறு துண்டுகளாகப் பொரித்து, ஆறியபின் கண்ணாடிப் போத்தலில் அடைத்துவைத்தால், பருப்புச் சோற்றுக்கு ஒரு பெட்டிக்கு இரண்டு துண்டு போதும். கருவாட்டைக் கடைசிச் சட்டியாகப் பொரியுங்கள், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த எண்ணெயை வேறு கறிக்குப் பயன்படுத்த முடியாது என்பதால் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள்.